பணம் வரும் கிழமை

நாகர்கோவிலில் இருந்துகொண்டு ஏத்தங்காய் சிப்ஸ் என்கிற ஒரே சரக்கைக் கடைகளுக்குப் போடுகிறவன் நான். பெரும்பாலும் பத்து ரூபாய் பாக்கெட், சரம் சரமாக. மேற்கே ஒரு சிறு ஆலையில் தேங்காய் எண்ணெயில் வறுத்து, உறையிலிட்டுத் தருகிறார்கள். மிக்சரும் முறுக்கும் சேர்த்துப் போடக்கூடாதா என்று கடைக்காரர்கள் கேட்பதுண்டு. லைன் நிலைபெறும்வரை ஒரே சரக்கோடு நிற்பதுதான் நல்லது என்பது என் முடிவு. சரக்கு ஒன்றாக இருந்தால் ஒரு கடையில் விற்பனை குறைவதும், பாக்கி ஏறுவதும், பழைய சரக்கு தேங்குவதும் பில் புத்தகத்தைப் புரட்டும்போதே தெரிந்துவிடும். பத்துச் சரக்கானால் ஒன்றின் விற்பனைக்குள் மற்றொன்றின் தேக்கம் ஒளிந்துகொள்ளும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பத்து ரூபாய் பாக்கெட்டைக் கடைக்கு எட்டு ரூபாய்க்குக் கொடுக்கிறேன். எனக்கு ஆலையில் 7 ரூபாய் 20 காசு. ஆக, ஒரு பாக்கெட்டில் நிற்பது 80 காசு. இந்த 80 காசுக்குள்தான் பெட்ரோல், வண்டித் தேய்மானம், என் கூலி எல்லாம் அடங்க வேண்டும். ஒரு பாக்கெட் கெட்டுத் திரும்பி வந்து, அதை ஆலையும் ஏற்காவிட்டால் போவது 7 ரூபாய் 20 காசு. அதாவது ஒன்பது பாக்கெட் விற்ற லாபம். கடன் வராமல் போனாலும் இதே கணக்குத்தான். 60 பாக்கெட்டுக்கு 480 ரூபாய் பில் போட்டு அது வராமல் போனால், அதேபோல் ஒன்பது பில் விற்றுத்தான் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியும். இந்தத் தொழிலில் விற்பவன் பிழைப்பதில்லை, வசூலிப்பவன்தான் பிழைக்கிறான் என்று பழைய லைன்காரர்கள் சொல்வது இந்த ஒன்பதை மனதில் வைத்துத்தான்.

இனி லைன். ஒரு நாள் லைனில் முப்பது கடை, கடைக்குச் சராசரி நாற்பது பாக்கெட் என்று வைத்துக்கொள்வோம். 1,200 பாக்கெட், 960 ரூபாய் நிற்கும். பழைய ஆம்னி வேனில் ஐம்பது கிலோமீட்டர் சுற்றினால் நான்கு லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறைத் தாண்டிய விலையில் நானூறு ரூபாய்க்கு மேல் அதிலேயே போய்விடும். அதனால் கடைகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் நெருக்கம் முக்கியம். தக்கலை லைனில் பிரதான சாலையை விட்டு ஏழு கிலோமீட்டர் உள்ளே இரண்டு கடைகள் இருந்தன. இரண்டும் சேர்ந்து அறுபது பாக்கெட் எடுக்கும், பணமும் கையோடு தரும். நல்ல கடைகள்தான். ஆனால் அறுபது பாக்கெட்டில் நிற்பது 48 ரூபாய். போய்த் திரும்பும் பதினான்கு கிலோமீட்டருக்கு நூறு ரூபாய்க்கு மேல் பெட்ரோல். அந்தக் கடைக்காரர்களிடம் கணக்கை மறைக்காமல் சொன்னேன். அவர்களில் ஒருவர் வாரத்துக்கு இருமுறை மளிகை எடுக்கத் தக்கலைக்கு வருகிறவர். சாலையோரத்தில் எனக்குப் பழக்கமான ஒரு கடையில் இருவருக்கும் உள்ளதைக் கட்டி வைத்துவிட்டு, போன தடவைப் பணத்தை அங்கேயே வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடானது. இன்றுவரை அது தடையில்லாமல் நடக்கிறது.

நாகர்கோவிலில் இருந்து மேற்கே போகும் சாலையில் பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், சாமியார்மடம், மார்த்தாண்டம் என்று கடைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டே போகும். திருவனந்தபுரம் போகும் வண்டிகள் இடைவிடாமல் ஓடுகிற சாலை. இங்கே ஒரு எளிய ஒழுங்கு உண்டு. போகும்போது இடப்பக்கக் கடைகள் மட்டும். திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம். கையில் சரத்தோடு சாலையைக் குறுக்கே கடப்பதில் உயிர்ப் பயம் ஒரு பக்கம். கடைக்கு மூன்று நான்கு நிமிடம் வீணாவது மறுபக்கம். முப்பது கடைக்கு அது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். மேலும், திரும்புகிற பக்கத்துக் கடைகளுக்கு நாம் மதியத்துக்குப் பிறகு போகிறோம். அதற்குள் கல்லாவில் அன்றைய வியாபாரம் கொஞ்சம் விழுந்திருக்கும். எனவே காலையில் பணம் தரக்கூடிய டீக்கடை, பேக்கரி எல்லாம் போகிற பக்கத்தில் அமைந்தால் நம் அதிர்ஷ்டம். அமையாவிட்டால் சிலவற்றை மட்டும் மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பள்ளிக்கூட வாசல் கடைகளுக்கு மட்டும் இந்த ஒழுங்கு பொருந்தாது. எட்டரை மணிக்கு முன்னால் சரம் தொங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு போனால் கடைக்காரருக்கு நம்மைத் திரும்பிப் பார்க்கவும் நேரம் இருக்காது.

இப்படி வரைபடத்தைப் பார்த்துத் தூரத்தைக் குறைப்பது பாதி வேலைதான். எந்தக் கிழமையில் எந்த லைன் என்பதை வரைபடம் சொல்லாது. நம் மாவட்டம் 1,672 சதுர கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டின் சிறிய மாவட்டங்களில் ஒன்று. ஆனால் இதற்குள்ளே வயல், கடல், ரப்பர் மலை, பூச்சந்தை என்று பணம் பிறக்கும் இடங்கள் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் பணம் வரும் கிழமை வேறு, வறட்சி மாதம் வேறு. கடைக்காரர் கல்லா இவற்றோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. என் பில் அந்தக் கல்லாவோடு ஏறி இறங்குகிறது.

தோவாளையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பூச்சந்தை விடியுமுன்னே கூடிவிடும். பூப் பறிக்கிறவர், கட்டுகிறவர், ஏற்றுகிறவர் என்று பலர் கையில் அன்றாடம் காசு புரளும். அந்தப் பகுதிக் கடைகளில் பாக்கி சொல்வது குறைவு. ஓணத்துக்கு முன்னால் கேரளத்துக்குப் பூ போகிற நாட்களில் நான் போடுவது இரண்டு மடங்காகும். பணமும் அன்றைக்கே வரும். அங்கிருந்து பூதப்பாண்டிப் பக்கம் வயற்காட்டுக்குள் திரும்பினால் கதை மாறிவிடும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு அறுவடை. புரட்டாசியை ஒட்டி ஒன்று, மாசி பங்குனியில் ஒன்று. இடைப்பட்ட மாதங்களில் கடைக்காரரின் பற்று நோட்டுத் தடித்துக்கொண்டே போகும். அறுவடை முடிந்ததும் அவர் தானாகவே கூப்பிட்டுப் பழைய பாக்கியைத் தீர்ப்பார். இந்த இரண்டு ஊரையும் ஒரே லைனில் வைக்கலாம், தூரம் கிட்டத்தான். ஆனால் ஒரே கடன் விதியை இரண்டுக்கும் வைக்க முடியாது.

குலசேகரம், திருவட்டாறு, அருமனைப் பக்கம் ரப்பர். மழை பெய்த காலையில் பால் வெட்டு இல்லை. தென்மேற்குப் பருவத்திலும் ஐப்பசி மழையிலும் அங்கே தொடர்ந்து சில நாள் வெட்டு நின்றால், அடுத்த வாரம் கடையில் எனக்குக் கிடைப்பது சிரிப்பு மட்டும்தான். இலை உதிர்ந்து தளிர்க்கும் தை மாசியில் வெட்டையே நிறுத்திவைப்பார்கள். ஆகவே மலை லைனுக்குக் கிளம்புமுன் முந்தைய வாரம் மழை எப்படி என்று யாரிடமாவது கேட்டுக்கொள்வேன். வானிலைச் செய்தியை விவசாயி கேட்பதைப்போலவே சிப்ஸ் போடுகிறவனும் கேட்க வேண்டியிருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ரப்பர் மரமும் வாழையும் ஒன்றாகச் சாய்ந்தன. கடைக்குப் பணம் வரும் வழியும் போயிற்று, சிப்ஸுக்குக் காய் வரும் வழியும் போயிற்று. கடற்கரையில் நடந்த உயிரிழப்பின் முன் இந்த நஷ்டத்தைப் பேசவே கூடாது. ஆனாலும் மலையையும் கடலையும் தனித்தனி லைனாகப் பிரித்து வைத்தவன்கூட இரண்டும் ஒரே நாளில் விழக்கூடும் என்பதற்காக ஒரு மாதப் பில்லளவு பணம் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் இங்கே பலரும் ஏற்றுக்கொண்டார்கள்.

கடற்கரை லைனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முட்டம், மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல். கடலோரக் கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் உண்டு. பூசை முடிந்து எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். பிள்ளைகள் கையில் காசு இருக்கும். சிப்ஸ் போன்ற சரக்குக்கு வாரத்தின் பெரிய வியாபாரம் அன்றைக்குத்தான். அப்படியானால் சரக்கு சனிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். பணமோ ஞாயிறு விற்ற பிறகுதான் கல்லாவில் இருக்கும். சனிக்கிழமை சரக்கோடு போய்ப் பழைய பாக்கியைக் கேட்டால், "ஞாயிறாழ்ச்ச கழியட்டு தம்பி, தாறேன்" என்பார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் அந்தப் பணம் அரிசிக்காரருக்கும் பால்காரருக்கும் போயிருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. நாம் போகிற கிழமைதான் தவறு. அதனால் இந்த லைனில் மட்டும் சரக்கையும் வசூலையும் பிரித்துவிட்டேன். சனிக்கிழமை வேனில் சரக்கு. திங்கட்கிழமை காலையில் ஸ்கூட்டரில் வெறுங்கையோடு வசூல். ஸ்கூட்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் பெட்ரோல் போதும். அந்த நூற்றுச் சொச்ச ரூபாயில் லைன் முழுவதும் பாக்கியில்லாமல் திரும்புகிறது என்றால் அது செலவே இல்லை.

இதற்கு மேல் தடைக்காலம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் இது இரண்டாகப் பிரியும். சின்னமுட்டம் துறைமுகத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரையின் தடை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரையின் தடை: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். மேற்கே தடை நடக்கும் மாதங்களில் கடல் கொந்தளிப்பும் சேர்ந்துகொள்வதால் தடைக்கு உட்படாத சிறு வள்ளங்களும் பல நாள் கரையிலேயே கிடக்கும். அப்போது கடைக்காரர் ஊர் முழுவதற்கும் கடன் கொடுத்துக்கொண்டிருப்பார். அவரைப் போய் நெருக்குவது நியாயமும் இல்லை, பயனும் இல்லை. மே மாதம் மூன்றாம் வாரத்திலிருந்தே குளச்சல் பக்கம் போடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஜூன் பிறக்கும்போது எந்தக் கடையிலும் ஒரு பில்லுக்கு மேல் நிற்காதபடி பார்த்துக்கொள்கிறேன். தடை மாதங்களில் சரக்கு பாதி; ரொக்கம் தருகிறவர்களுக்கு மட்டும் முழுதும். அதே ஜூன் நடுவில் சின்னமுட்டத்துப் படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கும். கன்னியாகுமரி பக்கம் அந்தக் குறைவை ஓரளவு ஈடுகட்டும். ஆகஸ்டில் குளச்சல் பணம் திரும்ப வரும். எதுவும் தெரியாமல் ஜூன் மாதத்தில் புதிதாகக் கடற்கரை லைன் தொடங்குகிற பையன்கள் ஆவணிக்குள் லைனை விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் மோசம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் கடைக்காரர்கள் எனக்கு ஒரு பைசா குறைத்ததில்லை.

கடன் விதி எளிமையானது: பில்லுக்குப் பில். போன பில்லுக்குப் பணம் வந்தால்தான் இந்தப் பில்லுக்குச் சரக்கு. எந்த நேரத்திலும் ஒரு கடையில் ஒரு பில்தான் நிற்க வேண்டும். இதை எல்லாரும் சொல்வார்கள். கடைப்பிடிப்பது எப்படி என்பதை ஒரு கடையின் கதையால் சொன்னால் விளங்கும்.

வில்லுக்குறிக்கும் தக்கலைக்கும் இடையே ஒரு மளிகைக் கடை. அண்ணாச்சி நல்லவர், வாரம் 60 பாக்கெட், 480 ரூபாய், கேட்குமுன் எடுத்து வைப்பார். ஒரு வாரம் 100 பாக்கெட் கேட்டார். அடுத்த வாரம் அதற்குப் பாதிப் பணம் தந்துவிட்டு 150 கேட்டார். கூடப் போடுவது யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் சரத்தைப் பார்த்தால் அந்த அளவு விற்றதற்கான அடையாளம் இல்லை. பழைய தேதியிட்ட பாக்கெட்டுகள் முன்னால் தொங்கின. பால் பெட்டி காலி. வழக்கமாக இரண்டு மூட்டை நிற்கும் அரிசி ஒன்றுகூட இல்லை. ரொக்கம் கேட்கும் சரக்கெல்லாம் குறைந்து, கடனுக்குக் கிடைக்கும் சரக்கெல்லாம் பெருகியிருந்தது. ஒரு கடை சாய்வதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. பணம் தாமதமாவது தனியாக ஆபத்தில்லை. ஆர்டர் கூடுவதும் தனியாக ஆபத்தில்லை. இரண்டும் ஒரே வாரத்தில் சேர்ந்து வந்தால் அவர் வேறு எங்கோ கட்ட வேண்டிய கடனை நம் சரக்கை விற்றுக் கட்டுகிறார் என்று பொருள்.

அன்றைக்கு நிலுவை 400 ரூபாய். நான் சரக்கை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பழைய பாக்கியும் அதோடு நின்றுவிடும்; ஒரு லைன்காரன் வராத கடையில் அவன் பாக்கி கடைசியில்தான் தீர்க்கப்படும். "அண்ணாச்சி, இந்தத் தடவ இருபது பாக்கெட் போடுகேன், அதுக்கு ரொக்கம் தந்திருங்க. பழசுல வாரம் நூறு போதும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "செரி, எழுதிக்க" என்றார். பில்லின் பின்பக்கம் 400 என்று எழுதி, வாரம் நூறு வீதம் நான்கு வாரம் என்று குறித்து, அவரிடமே ஒப்பம் வாங்கினேன். கோர்ட்டுக்குப் போவதற்காக அல்ல; நானூறு ரூபாய்க்கு யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. எழுதியிருந்தால் ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு பேச்சைத் தொடங்க வேண்டியதில்லை, அதற்காகத்தான். பழைய தேதிப் பாக்கெட்டுகளை மாற்றிக் கொடுத்தேன். பாக்கி தீர்ந்தது. கடை சில மாதத்தில் கைமாறிவிட்டது. புதிதாக வந்தவரிடம் என்னை அறிமுகப்படுத்தி வைத்தவர் அந்த அண்ணாச்சிதான்.

இப்போது ஜிபே வந்த பிறகு வசூலில் ஒரு புதுச் சிக்கல். "நீ போ தம்பி, ராத்திரி அனுப்பி விடுகேன்" என்பது முன்பு இல்லாத பதில். ராத்திரி அனுப்புகிறவர்களும் உண்டு, ஆனால் முப்பது கடையில் ஐந்து கடை அப்படிச் சொன்னாலே, யார் எந்தப் பில்லுக்கு அனுப்பினார்கள் என்று பார்ப்பது தனி வேலையாகிவிடும். கடையில் நிற்கும்போதே அனுப்பச் சொல்லி, பில்லில் "போன்" என்று எழுதி வரவு வைத்துவிட்டுத்தான் நகர்வேன்.

சரக்கு திரும்பி வருவதைப் பற்றி. கோட்டாறு கம்போளத்தில் மொத்தமாக எடுத்தால் கடைக்காரருக்கு என் விலையைவிடச் சில காசு குறைவாகவே சிப்ஸ் கிடைக்கும். ஆனாலும் என்னிடம் வாங்குகிறார்கள் என்றால், விற்காததை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்பதால்தான். ஆகவே எது ஏன் கெட்டது என்று தெரிந்திருப்பது என் வேலையின் பாதி. பாக்கெட்டை இரு கையாலும் மெல்ல அழுத்திப் பாருங்கள். காற்று நிற்காமல் தளர்ந்தால் ஒட்டுப்போட்ட இடத்தில் சரியாக ஒட்டவில்லை. உள்ளே ஈரக்காற்று புகுந்து சிப்ஸ் நமுத்திருக்கும். வாயில் போட்டால் முறியாது, வளையும். அது ஆலையின் பொறுப்பு. பாக்கெட் கெட்டியாக இருந்தும் பிரித்ததும் காறல் வாடை வந்தால் எண்ணெய் கெட்டிருக்கிறது. அதற்குக் காரணம் இரண்டு. ஒரே தொகுதி எண்ணுள்ள பாக்கெட் பல கடையிலும் காறினால் வறுத்த எண்ணெய் பழையது; ஆலையிடம் பேச வேண்டும். ஒரே ஒரு கடையில் மட்டும் காறினால் சரம் வெயிலில் தொங்குகிறது. கண்ணாடி போன்ற உறைக்குள் வெளிச்சமும் சூடும் சேர்ந்து எண்ணெயைக் கெடுத்துவிடும். மேற்கு பார்த்த கடைகளில் இது அதிகம். கடைக்காரரோடு சண்டை வேண்டாம். ஆணியை உள்ளே மாற்றி அடித்துக் கொடுத்தால் போதும். என் வேனில் சுத்தியலும் ஆணியும் எப்போதும் இருக்கும்.

சரத்தைத் தொங்கவிடும்போதும் பழையதை முன்னால் இழுத்துப் புதியதைப் பின்னால் மாட்டுவது நம் கையாலேயே நடக்க வேண்டும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தால் நடக்காது. அவர் அவசரத்தில் புதியதை முன்னால் மாட்டுவார். "எத்தனை வேணும் அண்ணாச்சி?" என்று கேட்டு ஆர்டர் எடுக்கும் பழக்கமும் எனக்கு இல்லை. தொங்குவதை எண்ணி, போன வாரம் போட்டு முடித்தபோது தொங்கிய மொத்தத்திலிருந்து கழித்தால் விற்றது எவ்வளவு என்று தெரியும். அதே அளவும் கொஞ்சம் கூடுதலும் போட்டால் தேங்காது. திருவிழா வாரம் மட்டும் விலக்கு: மாசியில் மண்டைக்காடு கொடை, டிசம்பர் 3-ஐ ஒட்டிக் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. அப்போது கேட்டுத்தான் போட வேண்டும்.

ஆலையோடு பேசும்போது விலையைவிட ரிட்டர்ன் விதியைத்தான் முதலில் எழுதி வாங்க வேண்டும். உறை ஒட்டாததும் தொகுதியாகக் காறியதும் அவர்கள் பொறுப்பு. காலாவதிக்குப் பத்து நாள் முன்னால் திருப்பிக் கொடுத்தால் புதியது மாற்றித் தர வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் நஷ்டம் என்னுடையது. இதுதான் எங்கள் ஏற்பாடு. கூடவே உறையில் தயாரிப்புத் தேதி, தொகுதி எண், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் மூன்றும் அழியாமல் அச்சாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பாக்கெட்டை எடுத்துப் பார்ப்பேன். கடையில் அதிகாரி வந்து கேட்டால் கடைக்காரர் காட்டுவது என் பில்லைத்தான். சரக்கைக் கைமாற்றி விற்கிற நமக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம்; அது இல்லாமல் ஒரு பாக்கெட்கூடப் போடாதீர்கள்.

புதிதாக ஒரு லைன் எடுக்க நினைக்கிற தம்பிமாருக்கும் அக்காமாருக்கும் சொல்வது இது. சரக்குக்கு முன்பணம் கட்டுமுன், நீங்கள் எடுக்கப்போகும் சாலையில் கடை கடையாக ஏறி இறங்குங்கள். எவ்வளவு எடுப்பீர்கள் என்று கேட்க வேண்டாம். எந்தக் கிழமை கையில் பணம் இருக்கும், எந்த மாதம் ஊரில் பணம் இருக்காது என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கிழமைகளை எழுதிக்கொண்டு லைனைப் போடுங்கள். மேற்குக் கடற்கரையில் தொடங்குவதாக இருந்தால் ஆகஸ்ட் மாதம் தொடங்குங்கள்.